அந்தப் பத்தியை ஏன் எடுத்தீர்கள்

பரீட்சை ஹாலில் ஆசிரியர்கள் போனைத் தொடக் கூடாது என்பது எங்கள் பள்ளியின் சட்டம். மிஷன் பள்ளி, சட்டம் என்றால் சட்டம்தான். மேசைமேல் இருந்த கைப்பைக்குள் போன் ஒருமுறை உறுமி அடங்கியதுமே அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிய வழியே இல்லை. கடன் வேண்டுமா என்று கேட்கும் வங்கிக்காரர்களாகக்கூட இருக்கலாம். ஆனால் என் ஆய்வேட்டின் மூன்றாவது இயலை அனுப்பிய நாளிலிருந்து போன் எப்போது உறுமினாலும் அது என் நெறியாளர்தான் என்று வயிறு முடிவு கட்டிவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, நான் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தேன். உட்காருங்க மிஸ், தலை சுத்துது என்று ஒரு பிள்ளை சொன்ன பிறகுதான் நின்றேன்.

நான் பள்ளியில் தமிழ் எடுப்பவள். அதோடு சும்மா இருக்க முடியாமல், நகரத்துக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறையில் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்து வைத்திருந்தேன். தலைப்பைக் கேட்டால் சிரிப்பார்கள். மதுரை வட்டாரத்துச் சுவரொட்டிகளின் மொழி. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, மொய்க்காக வைக்கும் வசந்த விழா, கண்ணீர் அஞ்சலி. ஊர் மொத்தமும் தினம் நின்று படிக்கிற எழுத்து இதுதான், இதை யாரும் படிப்பாகப் படிக்கவில்லையே என்று நேர்காணலில் கொஞ்சம் சத்தமாகவே கேட்டு இடம் வாங்கியிருந்தேன்.

இடம் வாங்கியதோடு சரி. முதல் இரண்டு இயல்களும் ஒருவழியாகத் தேறின. மூன்றாவது இயல் சுவரொட்டிகளில் உறவு முறைகள் எந்த வரிசையில் வருகின்றன என்பது பற்றியது. அது என்னைப் படாத பாடு படுத்தியது. ஏற்கெனவே ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. ஆய்வுக்குழுக் கூட்டம் வருகிறது. அதற்குள் இந்த இயல் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். இதையும் திருப்பிப் போட்டால் ஆய்வையே விட்டுவிடுவேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், எல்லா இயலுக்கும் இதையேதான் சொன்ன என்றார். இந்த முறை நிஜமாகவே சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது.

என் நெறியாளர் என்னைவிட வயதில் சின்னவர். இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்த விஷயம். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பி.எட். எழுதிய வருடங்களில் அவர் படித்து முடித்துவிட்டார். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். இரண்டு பேரும் வாங்க போங்கதான். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் அவர் எதிரே உட்கார்ந்தால் என் முதுகு தானாக விறைத்துக்கொள்ளும்.

மணி அடித்ததும் விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஆசிரியர் அறைக்குப் போகாமல் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய் நின்று மின்னஞ்சலைத் திறந்தேன்.

முதல் பத்தி நல்லதாக ஆரம்பித்தது. "இயல் மூன்றைப் படித்தேன். நீங்கள் சேகரித்திருக்கும் சுவரொட்டிகள் இதற்குமுன் யாரும் ஒன்றுசேர்த்துப் பார்க்காதவை. உறவுப் பெயர்களின் வரிசையைக் கவனித்திருப்பது நல்ல கண். ஆனால்..."

ஆனால் வந்ததும் நான் மேலே இருந்ததை மறந்துவிட்டேன். இந்த வித்தை எனக்குத் தெரியாததா? பெற்றோர் கூட்டத்தில் வருடம் முழுக்க நான் செய்கிற வேலை அது. பையன் நல்ல பையன்தாங்க, மரியாதையான பையன், ஆனா. அந்த ஆனாவுக்குப் பிறகு வருவதற்காகத்தான் முன்னால் உள்ளதைச் சொல்வோம். பெற்றோரும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். மேடமும் எனக்குச் சர்க்கரை தடவித்தான் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

ஆனாலுக்குப் பிறகு இருந்தது இதுதான். "முதல் பாதி முழுவதும் பிறர் சொன்னது. பின்பாதி பட்டியல். இந்தச் சுவரொட்டியில் இவர்கள், அந்தச் சுவரொட்டியில் அவர்கள் என்று அடுக்கியிருக்கிறீர்கள். இவற்றை வைத்து நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பது வாசிப்பவருக்குக் கிடைக்கவில்லை. முதலில் இந்த இயல் சொல்லும் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு அந்த வாக்கியத்துக்கு உதவாத மேற்கோள்களை எடுத்துவிடுங்கள். பட்டியலைப் பின்னிணைப்புக்குக் கொண்டுபோங்கள். அடிக்குறிப்பு வடிவத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம், கடைசியில் பார்க்கலாம். கோப்பின் ஓரத்திலும் சில குறிப்புகள் போட்டிருக்கிறேன். குழுக் கூட்டத்துக்கு முன்னால் திருத்திய வரைவு எனக்கு வந்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்."

இன்றைக்குப் படித்தால் இதில் கோபப்பட ஒன்றுமே இல்லை. என்ன குறை, எதை முதலில் செய்ய வேண்டும், எதை இப்போது தொட வேண்டாம் எல்லாம் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பட்டியலாம். அந்தப் பட்டியலுக்காக அலங்காநல்லூர் சாலையில் வெயிலில் நின்று, சுவர் சுவராகப் படம் எடுத்து, எந்தக் கட்சிக்காரி என்று நாலு பேர் வந்து விசாரித்து, அவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி அலைந்தது நான்தானே.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் கோப்பைத் திறந்தேன். போனில் ஓரக்குறிப்புகள் சின்னச் சின்னக் கட்டங்களாகத்தான் தெரியும், ஒவ்வொன்றாகத் தொட்டால்தான் விரியும். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்த மேற்கோள் தேவையா. இங்கே எடுத்துக்காட்டு தருக. இது முன்பே வந்துவிட்டது. எல்லாம் நியாயம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். இயலின் நடுவே ஒரு பத்தியில் மட்டும் குறிப்பு நீளமாக விரிந்தது.

"இது யாருடைய சுவரொட்டி? எங்கே ஒட்டியது? உங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. போனை அணைத்துப் பையில் போட்டேன். திருப்பரங்குன்றத்தில் இறங்க வேண்டியவள், கண்டக்டர் குரல் கொடுத்த பிறகும் உட்கார்ந்திருந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன்.

அந்தப் பத்தி சின்னது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் மகளின் இடம் பற்றியது. ஒருவர் இறந்தால் அடியில் மகன் பெயர் வருகிறது, மாப்பிள்ளை பெயர் வருகிறது, பேரன்கள் பெயர் வருகிறது. மகள் பெயர் சில ஊர்களில் வருகிறது, பல ஊர்களில் வருவதில்லை. "ஒரு சுவரொட்டியில் இறந்தவரின் மாப்பிள்ளை பெயரும் படமும் இருக்க, அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகளின் பெயர் இல்லை" என்று எழுதியிருந்தேன். ஊர் சொல்லவில்லை, ஆள் சொல்லவில்லை. எங்கள் ஆய்வேடுகளில் யாரும் நான் என்று எழுத மாட்டோம். ஆய்வாளர் கண்டார், ஆய்வாளர் கருதுகிறார் என்றுதான் எழுதுவோம். அந்த ஆய்வாளருக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொள்ளலாம். நானும் ஒளிந்துகொண்டுதான் எழுதினேன்.

அந்தச் சுவரொட்டி என் அப்பாவுடையது.

கேள்வி கேட்டால் குற்றம் சாட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வது எங்கள் பள்ளிப் பழக்கம். என் வகுப்பில் ஒரு பிள்ளையின் நோட்டில் நான் ஓரத்தில் கேள்விக்குறி போட்டால், அது தப்பு, அடித்துவிட்டு வேறு எழுது என்று பொருள். பிள்ளைகள் என்னிடம் வந்து விளக்கம் சொல்ல மாட்டார்கள். மறுநாள் அந்த வரி இருக்காது. நானும் அப்படித்தான் படித்து வளர்ந்தேன். ஆசிரியர் கேள்வி கேட்கிறார் என்றால் அவருக்குப் பதில் தெரிய வேண்டும் என்று அர்த்தமே இல்லை. மேடம் கேட்ட மூன்று கேள்வியும் எனக்கு ஒரே வாக்கியமாகத்தான் கேட்டது. ஆதாரம் இல்லாமல் கதை விடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்தார் இல்லையா, அதை நான் சட்டையே செய்யவில்லை. நெறியாளரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பது எங்களுக்குள் வழக்கம் கிடையாது. வாங்கிக்கொள்ள வேண்டும், திருத்த வேண்டும், அனுப்ப வேண்டும். "நன்றி மேடம். திருத்தி அனுப்புகிறேன்" என்று தட்டி, பக்கத்தில் கும்பிடும் கை ஒன்றையும் போட்டு அனுப்பினேன். கும்பிட்ட கை அது மட்டும்தான். என் இரண்டு கையும் அப்போது இடுப்பில் இருந்தன.

அடுத்து வந்த சனி ஞாயிறுகள் எல்லாம் அதிலேயே போயின. மேற்கோள்களைப் பிய்த்து எறிந்தேன். பட்டியலைப் பின்னிணைப்புக்குத் தள்ளினேன். ஒரு குறிப்பு முடிந்தால் அதை முடிந்தது என்று சொடுக்கலாம், கட்டம் மங்கிப்போகும். அதில் ஒரு பொல்லாத சந்தோஷம் இருந்தது. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஒரு குறிப்பு, துணியை ஊறப்போட்டுவிட்டு ஒரு குறிப்பு. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் மொட்டைமாடிக்குப் போகத் தோன்றும், மாடிக்குப் போனால் லேப்டாப் நினைவு வரும். உனக்கென்ன பிரசவ வலியா என்று வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு அந்தப் பத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதில் வரும் மாப்பிள்ளை அவர்தான் என்பதும் தெரியாது.

அந்தப் பத்தியை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். கடைசியில் அதைத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்தேன். குறிப்பும் அதோடு போய்விட்டது. மேலிருந்த பத்தியும் கீழிருந்த பத்தியும் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒட்டிக்கொண்டன. அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா இறந்த வீட்டிலும் இப்படித்தான், பதினாறாம் நாள் முடிந்ததும் கட்டிலை எடுத்துவிட்டு நெல்மூட்டை அடுக்கினார்கள்.

வரைவை அனுப்பினேன். சொன்ன எல்லாவற்றையும் செய்தாயிற்று, இனி அவர் ஒன்றும் சொல்ல முடியாது என்று ஒரு திமிர் எனக்குள் இருந்தது. அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மறுபடியும் போன் உறுமும்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

இரண்டாவது மின்னஞ்சல் ஒரு மாலையில் வந்தது. நான் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்கியதை அப்படியே போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றேன்.

"திருத்திய வரைவு வந்தது. ஓரக்குறிப்பில் சொன்ன எல்லாவற்றையும் செய்திருக்கிறீர்கள். நடை சுத்தமாகிவிட்டது. ஆனால் மகளின் பெயர் பற்றிய அந்தப் பத்தியை ஏன் எடுத்தீர்கள்? இந்த இயலில் நீங்கள் சொந்தமாகக் கண்டு சொன்னது அது ஒன்றுதான். அதைப் படித்தபோதுதான் இந்த இயல் எதைப் பற்றியது என்று எனக்கே புரிந்தது. அதனால்தான் அவ்வளவு கேள்வி கேட்டேன். அதை நான் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். பாராட்டை மொத்த இயலுக்கும் போட்டுவிட்டு, கேள்வியை மட்டும் அந்த இடத்தில் போட்டுவிட்டேன்."

கீழே செய்ய வேண்டியவை இருந்தன. "அந்தப் பத்தியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இயலின் தொடக்கத்தில் வையுங்கள். சுவரொட்டியின் படம் வேண்டும், எந்த ஊரில் எப்போது ஒட்டியது என்ற விவரம் வேண்டும். அது இல்லாமல் குழுவில் கேட்டால் என்னால் உங்களுக்காகப் பேச முடியாது. ஒருவேளை அதை எடுத்துக்காட்ட உங்களுக்குத் தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள், வேறு சுவரொட்டியைப் பார்ப்போம். மற்றவை இப்படியே இருக்கட்டும்."

படித்துவிட்டு எனக்கு அழுகை வந்தது. கத்தரிக்காய்க்காரம்மா, என்னாத்தா வாங்குறியா இல்லையா என்று கேட்டார். வழக்கத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், அது எங்கப்பா சுவரொட்டி."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்குத் தெரியாது டீச்சர். வேண்டாம்னா விட்ருவோம்" என்றார்.

"எடுத்தது நான்தான் மேடம். நீங்க கேட்டது திட்டுற மாதிரி இருந்துச்சு."

"திட்டுறதா இருந்தா திட்டுறேன்னு சொல்லிட்டுத்தான் திட்டுவேன்" என்றார். அவர் சிரித்தது போலிருந்தது. பிறகு வேலையைப் பேசினார். சொந்தக் குடும்பத்துச் சான்றைப் பயன்படுத்தலாம், தடையில்லை. ஆனால் ஒளிக்கக் கூடாது. ஆய்வாளர் என்றே எழுதலாம், அந்த ஆய்வாளருக்கு இறந்தவர் என்ன உறவு என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். குழுவில் யாராவது, இது உங்கள் வீட்டுச் சண்டையா ஆய்வா என்று கேட்பார்கள், அதற்குப் பதில் மற்றச் சுவரொட்டிகளில் இருக்க வேண்டும். அதுவரைக்கும் யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாக வேலை சொன்னதில்லை. கத்தரிக்காயைக் கால் கிலோ கூடவே வாங்கினேன்.

படம் என்னிடம் இல்லை. ஊர் முழுக்கச் சுவரொட்டிகளைப் படம் எடுத்தவள் அதை மட்டும் எடுக்கவில்லை. துஷ்டி வீட்டு வாசலில் நின்று படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதுவும் அதை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அலங்காநல்லூரைத் தாண்டிப் போக வேண்டும். அண்ணன் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். சுவரொட்டி ஒன்று மிச்சம் இருந்தது, மழை ஒழுகி நனைந்து போய்விட்டது என்றான். எதற்கு என்று கேட்டான். சொன்னேன். அவனுக்குப் புரிய வைக்கத் திணறி, கடைசியில் அத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே எம்பேரு போடல?"

அவனுக்கு நிஜமாகவே அதிர்ச்சி. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. "அதான் மாப்ள பேரு போட்டாச்சுல்ல. அதுல நீயும் சேத்திதான்" என்றான். அண்ணி உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவரும் தன் அப்பாவின் சுவரொட்டியை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. நான் அண்ணனிடம் சண்டை போடவில்லை. சண்டை போட வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அச்சடித்த கடைக்குப் போய்ப் பார், அவன் எதையும் அழிக்க மாட்டான் என்று அவனே வழி சொன்னான்.

கடை பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்தது. கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பவர் அண்ணனோடு படித்தவர். காதுகுத்துச் சுவரொட்டி ஒன்றில் ஒரு குழந்தையின் தலையில் கிரீடத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார். என் கூட்டாளி தங்கச்சியா நீ என்று உட்காரச் சொன்னார். அப்பா பெயரைத் தட்டியதும் கோப்பு வந்துவிட்டது.

நீலவானம், அதன்மேல் வெண்மேகம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் அப்பா, ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தில் துண்டு மட்டும் வெள்ளையாக்கப்பட்டு. தோற்றம், மறைவு. அடியில் வட்ட வட்டமாக ஆட்கள். அண்ணன், அண்ணன் மகன்கள், என் வீட்டுக்காரர். பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். வீட்டுக்காரரின் படம் எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது. பட்டுச்சட்டை, மாலை. பெரிதாக்கப் பெரிதாக்க, வட்டத்தின் விளிம்பில், அவருடைய காதுக்கு அந்தப் பக்கம், ஒரு துண்டு அரக்குச் சேலையும் கொஞ்சம் மல்லிகையும் தெரிந்தன.

என் தோள்.

அப்பாவை மாற்றிப் படுக்க வைக்கும்போது இந்தத் தோளில்தான் அவர் கையைப் போட்டுக்கொள்வார்.

கடைக்காரர் என்ன நினைத்தாரோ, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பேரு விட்டுப்போச்சாம்மா? இப்ப சேத்துப் போட்டுத் தாரேன். மாப்ளக்கிப் பக்கத்துல இம்புட்டு எடம் கெடக்கு. ஒம் படமும் வச்சிருவோம். அஞ்சு நிமிசம்."

கேட்ட உடனே வேண்டாம் என்று சொன்னேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு ஆசையாக இருந்தது. அவருடைய கை ஏற்கெனவே மவுஸில் இருந்தது. காதுகுத்துக் குழந்தைக்குக் கிரீடம் வைத்த கை. வட்டத்தை இழுத்துக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், மகள் என்று ஒரு வார்த்தை, என் பெயர், அவ்வளவுதான். பிறகு அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அப்படிச் செய்தால் இயலில் எழுத எதுவும் இருக்காது என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. என்னை விட்டுவிட்டார்கள் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சான்றை நானே திருத்தப் பார்த்தேன்.

"இருந்தபடியே குடுங்கண்ணே" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கோப்பை என் மின்னஞ்சலுக்கு அனுப்பினார், ஒரு பிரதியும் எடுத்துச் சுருட்டிக் கொடுத்தார்.

அன்று மாலையே உட்கார்ந்தேன். ஆச்சரியமாக, உட்கார முடிந்தது. இயலின் முதல் வாக்கியமாக, துக்கப்பட உரிமை பெற்ற பெயர்களையும் பெயரில்லாமல் துக்கப்படுகிறவர்களையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி பிரிக்கிறது என்று எழுதினேன். மேடம் கேட்ட ஒரே வாக்கியம் அது. பிறகு அப்பாவின் சுவரொட்டி. ஆய்வாளர் இறந்தவரின் மகள் என்று எழுதினேன். மாப்பிள்ளையின் படத்தில் வெட்டுப்பட்ட தோளைப் பற்றி எழுதினேன். அதன்பின் பின்னிணைப்பில் தள்ளியிருந்த மற்ற வீட்டுச் சுவரொட்டிகளை ஒவ்வொன்றாக அழைத்துவந்தேன். மகள் பெயர் வந்தவற்றையும் வைத்தேன். வந்தவற்றில் பலவற்றில் அவள் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டமோ அரசு வேலையோ இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அத்தனை காலமாக என் கையிலேயே இருந்த பட்டியல்தான் அது.

அனுப்புவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் முழுவதையும் படித்தார். சுவரொட்டிப் படத்தை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இது நம்ம ஆல்பத்துலருந்து நான்தான் போன்ல அனுப்பிச்சேன், வெட்டும்போது நான் பாக்கல என்றார். காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவர் காபி போட்டால் சர்க்கரை எப்போதும் அதிகம், அன்றைக்கு அதை அப்படியே முழுசாகக் குடித்தேன்.

மூன்றாவது மின்னஞ்சல் குழுக் கூட்டத்துக்கு முன்னால் வந்தது. இந்த முறை பள்ளியில், இடைவேளையில், ஆசிரியர் அறையிலேயே எல்லோர் நடுவிலும் திறந்தேன். "இப்போது இது இயல். குழுவுக்கு அனுப்புகிறேன். ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு போட்டிருக்கிறேன், அதை மட்டும் சரிசெய்து இன்றே அனுப்பிவிடுங்கள்."

கோப்பைத் திறந்தேன். அப்பாவின் படத்துக்குக் கீழே, ஆதாரம் என்ற இடத்தில், தனியார் சேகரிப்பு என்று எழுதியிருந்தேன். குறிப்பு அங்கேதான் இருந்தது. தொட்டதும் விரிந்தது.

"தனியார் சேகரிப்பு என்றால் யாருடையது என்று தர வேண்டும். இங்கே உங்கள் பெயர் வர வேண்டும்."

அதில் கேள்விக்குறி இல்லை. பள்ளியில் கம்ப்யூட்டர் அறை காலியாக இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கோப்பைத் திறந்தேன். சான்றிதழ்களில் உள்ளபடிதான் ஆய்வேட்டில் பெயர் வர வேண்டும் என்பது விதி. அதனால் கல்யாணத்துக்குப் பிறகு விண்ணப்பங்களைத் தவிர வேறெங்கும் போடாத முன்னெழுத்தைப் போட வேண்டியிருந்தது. அப்பாவின் பெயருடைய முதல் எழுத்து, ஒரு புள்ளி, அதன்பிறகு என் பெயர். அவர் படத்துக்கு நேர் கீழே தட்டினேன்.